புத்தகத்தில் சுற்றுகிற மோட்டார் வீட்டில் சுற்றாவிட்டால்

பத்து வயதுப் பிள்ளைகளுக்கான ‘செய்து பார்’ வகைப் புத்தகம் எதை எடுத்தாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் இந்த மோட்டார் இருக்கும். ஒரு பேட்டரி கட்டை, இரண்டு ஊக்கு, ஒரு காந்தம், கொஞ்சம் செம்புக் கம்பி, ஒரு ரப்பர் பேண்டு. நான்கு படம், ஐந்து வரி. கடைசிப் படத்தில் கம்பிச் சுருள் சுற்றுவதைக் காட்ட இரண்டு வளைந்த கோடு போட்டிருப்பார்கள். வீட்டில் செய்தால் அந்த வளைந்த கோடு மட்டும் வராது.

எனக்கு இது தெரிய வந்ததற்குக் காரணம் தொழில். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். இனாமல் பூசிய செம்புக் கம்பியை ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று கேட்டு வாங்க வேண்டுமானால் வைண்டிங் கடைக்குத்தான் வர வேண்டும். அதனால் மதுரை தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி முடிந்த வாரமும் முழுப்பரீட்சை லீவும் வந்தால், புத்தகத்தைத் திறந்து பிடித்தபடியே பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். கம்பி வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் மறுநாள் “மாமா, சுத்தல” என்று திரும்பி வருவார்கள். வருகிற கோளாறுகள் பெரும்பாலும் ஒரே ஆறுதான். அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் மோட்டார் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டிய அளவுகள்

இனி சொல்வதெல்லாம் இந்த அமைப்பை மனதில் வைத்துத்தான். பேட்டரி, டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய 1.5 வோல்ட் கட்டை. அதன் இரண்டு முனையிலும் ஆளுக்கொரு ஊக்கு. ஊக்கின் தலைப்பக்கம் பேட்டரியைத் தொட, கம்பி சுருண்டு சின்ன வளையமாக இருக்கும் பக்கம் மேலே நிற்கும். இரண்டையும் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். சாதாரண ரப்பர் பேண்டு ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். டியூப் பட்டை தளராது. பேட்டரியின் முதுகில், நடுவில், காந்தம்.

கம்பி 24 கேஜ் இனாமல் செம்புக் கம்பி, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் தடிப்பு. ஒரு மீட்டர் போதும். அதை முக்கால் இஞ்சு பிவிசி பைப் துண்டின் மேல் பத்துச் சுற்று சுற்றிக் கழற்றினால் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வளையம் கிடைக்கும். இரண்டு பக்கமும் நான்கு சென்டிமீட்டர் வால் விட்டு, வாலை வளையத்தின் மேல் இரண்டு தடவை சுற்றி இறுக்கினால் சுருள் பிரியாது. இரண்டு வாலும் நேர் எதிரெதிரே, ஒரே கோட்டில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வால்கள்தான் ஊக்கு வளையங்களுக்குள் போய் உட்காரும்.

அறிகுறி 1: பேட்டரியோ ஊக்கோ சூடாகிறது

இதை முதலில் சொல்லக் காரணம், மற்ற கோளாறுகளுக்கு அவசரம் இல்லை, இதற்கு உண்டு. சூடு தெரிந்ததும் சுருளை ஊக்கிலிருந்து தூக்கி எடுத்துவிடுங்கள். தூக்கியதும் சூடு குறைய ஆரம்பித்தால் பிரச்சினை சுருளில். சுருள் இல்லாமலேயே சூடு ஏறினால், இரண்டு ஊக்கும் எங்கோ ஒன்றையொன்று தொடுகின்றன, அல்லது காந்தம் நகர்ந்து போய் இரண்டுக்கும் பாலமாக நிற்கிறது. ஊக்கு இரும்பு என்பதால் காந்தம் அதை இழுக்கும். இது அடிக்கடி நடக்கிறது. காந்தத்தின் அடியில் இருபக்கம் ஒட்டும் டேப் ஒட்டிப் பேட்டரி முதுகில் பதித்துவிட்டால் நகராது.

சுருளில்தான் பிரச்சினை என்றால் பெரும்பாலும் அது கோளாறே இல்லை. இந்தச் சுருளின் தடை மிகமிகக் குறைவு. சுற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் விட்டு விட்டுப் போகும், நின்றுவிட்டால் தொடர்ந்து பாயும். அதனால் சுற்றாத மோட்டாரை அப்படியே வைத்துவிட்டுக் காரணம் யோசிக்கக் கூடாது. எடுத்து வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: பத்து எண்ணுவதற்குள் சுற்றவில்லையா, தூக்கிவிடு.

கடையில் கேட்டு மாற்ற வேண்டிய பொருள் ஒன்றே, பேட்டரி. சாதாரண சிங்க்-கார்பன் கட்டை போதும். ஆல்கலைன் பேட்டரி இன்னும் அதிக மின்சாரம் தரும், ஊக்கு கையைச் சுடும் அளவுக்குப் போகும். செல்போன் பேட்டரி, பழைய பவர் பேங்கிலிருந்து எடுத்த செல், பைக் பேட்டரி, மொபைல் சார்ஜர் எதுவும் கூடாது. அவற்றில் சில இந்த மாதிரிக் கம்பியை நொடியில் பழுக்கக் காய்ச்சிவிடும். லித்தியம் செல் என்றால் தீயே பிடிக்கலாம். சுவர் பிளக்கின் பக்கம் போகவே கூடாது. பேட்டரியின் ஓரத்தில் ஈரமாகவோ வெள்ளையாகவோ ஏதாவது கசிந்திருந்தால் அதைப் பிள்ளை தொடாமல் பெரியவர் எடுத்து அப்புறப்படுத்தட்டும்.

அறிகுறி 2: அசைவே இல்லை, செத்த மாதிரி கிடக்கிறது

முதலில் பேட்டரி. இங்கே பெற்றோர் எல்லோரும் சொல்லும் ஒரு வாதம் உண்டு: “இந்தப் பேட்டரிலதான் அண்ணே சுவர்க் கடிகாரம் ஓடிச்சு.” கடிகாரம் ஓடினது சரி. கடிகாரத்துக்குத் தேவைப்படும் மின்சாரம் துளியூண்டு. ரிமோட்டும் அப்படியே. அவற்றில் ஓடிய பழைய பேட்டரி இந்த மோட்டாரை அசைக்காது. மீட்டர் வைத்துப் பார்த்தால்கூட 1.4 வோல்ட் காட்டி ஏமாற்றும், ஏனென்றால் சுமை இல்லாதபோது அது அப்படித்தான் காட்டும். சுருள் தொட்டுக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும்; அப்போது புதுப் பேட்டரி காட்டுவதைவிட ரொம்பக் கீழே விழுந்தால் பேட்டரி முடிந்தது. மீட்டர் இல்லாத வீட்டில் புதுப் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டுப் பார்ப்பதே சோதனை.

பேட்டரி புதிது என்றால் இந்தச் சின்னச் சோதனையைச் செய்யுங்கள். ஊக்குகளை மறந்துவிடுங்கள். சுருளைக் காந்தத்துக்கு மிக அருகில் ஒரு கையால் லேசாகத் தொங்கவிட்டு, அதன் இரண்டு வால்களையும் பேட்டரியின் இரண்டு முனைகளில் ஒரு நொடி தொடுங்கள். வால் எட்டவில்லையென்றால் இடையில் இரண்டு துண்டுக் கம்பி வைத்துக்கொள்ளலாம். தொட்ட நொடியில் சுருள் துள்ள வேண்டும்.

துள்ளினால் சுருள் நல்லது, கோளாறு ஊக்கில். சில ஊக்குகளில் மேல் பூச்சு மின்சாரத்தை விடாது, கறுப்பு ஊக்கும் கலர் ஊக்கும் குறிப்பாக. வால் உட்காரும் வளையத்தின் உள்பக்கத்தையும் பேட்டரியைத் தொடும் தலையையும் உப்புத்தாளால் தேய்த்தால் சரியாகிவிடும். டியூப் பட்டை லூசாக இருந்து ஊக்கு பேட்டரி முனையை ஒழுங்காகத் தொடாமல் இருப்பதும் உண்டு. விரலால் ஊக்கைப் பேட்டரியோடு அழுத்திப் பிடித்ததும் உயிர் வந்தால் அதுதான்.

துள்ளவில்லை என்றால் வாலில் இனாமல் இன்னும் இருக்கிறது. இனாமல் கண்ணாடி மாதிரி, செம்பின் நிறமே தெரியும். அதனால் பிள்ளைகள் வெறும் செம்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சுரண்டிய இடம் சுரண்டாத இடத்தைவிட வெளிறி, புதுச் செம்பின் இளஞ்சிவப்பாக மின்ன வேண்டும். மோட்டார் வைண்டிங்குக்கு வருகிற கம்பியின் பூச்சு இப்போது ரொம்பக் கெட்டி, வெப்பம் தாங்குவதற்காகவே செய்தது. நகத்தால் சுரண்டினாலோ கத்தியால் நாலு இழுப்பு இழுத்தாலோ போகாது. உப்புத்தாளை மடித்து அதற்குள் வாலைப் பிடித்து இழுக்க வேண்டும். சில புத்தகங்களில் தீக்குச்சியால் எரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேண்டாம். புகை நல்லதல்ல, கரி மேலே படிந்து மறுபடி மின்சாரத்தைத் தடுக்கும், அடுத்த தலைப்பில் சொல்லப்போகிற பாதிச் சுரண்டலும் கெட்டுப் போகும்.

சுரண்டிய இடம் இளஞ்சிவப்பாக இல்லாமல் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தால் கம்பி அலுமினியம். விலை குறைவான விசிறிகளிலும் மோட்டார்களிலும் இப்போது நிறைய வருகிறது, மேலே பூச்சு செம்பு நிறத்தில் இருப்பதால் தெரியாது. அலுமினியம் சுரண்டிய உடனே காற்றில் மறுபடி ஒரு படலம் பிடித்துக்கொள்ளும். ஊக்கில் சரியாகத் தொடர்பு கிடைக்காது. கம்பியை மாற்றுவதுதான் வழி. கம்பி காந்தத்தில் ஒட்டினால் அது கைவினைக் கடையில் விற்கும் முலாம் பூசிய இரும்புக் கம்பி. அதையும் மாற்றுங்கள்.

அறிகுறி 3: ஒரு துடிப்பு துடிக்கிறது, அல்லது ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றுவிடுகிறது

என்னிடம் திரும்பி வருகிற மோட்டார்களில் பெரும்பாலானவை இந்த வகை. தள்ளிவிட்டாலும் முக்கால் சுற்று போய்த் திரும்பி வந்து, அங்கேயே பிடிவாதமாக நிற்கும். நின்ற இடத்தில் லேசாக நடுங்கும்.

காரணம் புத்தகத்தின் ஒரு வரிக்குள் இருக்கிறது. “கம்பியின் இரு முனைகளிலும் உள்ள பூச்சைச் சுரண்டவும்” என்று இருக்கும். பிள்ளை சொன்னதைச் செய்து இரண்டு வாலையும் சுற்றிலும் பளபளவென்று சுரண்டிவிடும். அப்படிச் சுரண்டினால் மின்சாரம் ஓயாமல் பாயும். காந்தம் சுருளை ஒரு அரைச் சுற்றில் முன்னால் தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் அதே பலத்தோடு பின்னால் இழுக்கும். அந்தப் பின்னிழுப்பு நேரத்தில் மின்சாரம் நிற்க வேண்டும். அதற்காக ஒரு வாலை முழுவதும் சுரண்டி, மற்ற வாலில் ஒரு பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். வாலைச் சுற்றி முழுவட்டம் என்று வைத்துக்கொண்டால் மேல் அரைவட்டம் வெறும் செம்பு, கீழ் அரைவட்டம் இனாமல்.

நல்ல புத்தகங்களில் இந்தப் பாதிச் சுரண்டலைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பாதி என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் சுருளை மேசையில் படுக்க வைத்து, வாலின் மேல்பக்கத்தைச் சுரண்டுகிறார்கள். அதுதான் வசதி. அதுதான் தப்பும். படுக்கை நிலையைச் சுற்றிய அந்த அரைச் சுற்றில் மின்சாரம் பாய்ந்தால் பாதி நேரம் முன்னால், பாதி நேரம் பின்னால் என்று தள்ளி, சுருள் ஊஞ்சலாடும்.

சரியான முறை இது. சுருளை மேசை ஓரத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள், காசைச் செங்குத்தாக நிறுத்துவது போல. ஒரு வால் மேசையின் மேல் படுத்திருக்கும். அந்த நிலையில், வாலை உருட்டாமல், மேல்பக்கத்தை மட்டும் உப்புத்தாளால் நேர் கோடாகத் தேயுங்கள். கீழ்ப்பக்கம் மேசையில் படிந்திருப்பதால் அங்கே இனாமல் தப்பிக்கும். தேய்த்தபின் வாலை வெளிச்சத்தில் மெதுவாக உருட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, இடையில் ஒரு தெளிவான எல்லை.

ஏற்கெனவே முழுவதும் சுரண்டிவிட்டீர்களா? கம்பியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வீட்டில் நெயில் பாலிஷ் இருக்கும். சுருளை அதே மாதிரி நிமிர்த்திப் பிடித்து, ஒரு வாலின் மேல் பாதியில் மெல்லிசாகப் பூசி இருபது நிமிடம் காயவிடுங்கள். நன்றாகக் காயாமல் ஊக்கில் மாட்டினால் வழித்துக்கொண்டு போய் ஊக்கு வளையத்துக்குள் ஒட்டி, இருக்கும் தொடர்பையும் கெடுக்கும். பத்துப் பதினைந்து தடவை ஓட்டியதும் தேய்ந்துவிடும், மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் பக்கத்துக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் தோட்டத்துப் போர் மோட்டாரை வைண்டிங் பண்ணக் கொண்டுவந்தார். கூட ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, கையில் ஊக்கு மோட்டார். நான் கழற்றிப் போட்டிருந்த பழைய கம்பி மாதிரியே இருந்தது அவள் சுருள். கேட்டேன்.

“தாத்தா ரூம்ல கெடந்துச்சு மாமா. போன தடவ மோட்டார் ரிப்பேரானப்ப எடுத்தது.”

“செம்புதானே தம்பி, நல்ல கம்பி” என்றார் பெரியவர்.

செம்புதான். ஆனால் தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் போர் மோட்டாரின் கம்பியில் இனாமல் பூச்சு வேலைக்கு ஆகாது. அதன் மேல் பிளாஸ்டிக் படலத்தை நாடா போலச் சுற்றியிருப்பார்கள். அடியில் பெரும்பாலும் வெறும் செம்பு. படலத்தை ஒரு இடத்தில் கிள்ளினால் முழுச் சுற்றும் உரிந்து வந்துவிடும். அதில் பாதிச் சுரண்டல் என்பதே நடக்காது. அவள் புத்தகத்தில் பாதி என்று போட்டிருந்தது. கருத்தாகப் படித்து, பிளேடு வைத்துப் பாதியை மட்டும் உரிக்க நாலு வால் வீணாக்கியிருக்கிறாள்.

முதலில் மேலே சொன்ன நேரடிச் சோதனையைச் செய்தேன். சுருள் நன்றாகத் துள்ளியது. ஆக, பேட்டரியும் செம்பும் சரி. ஊக்கில் மாட்டித் தள்ளினோம். ஆடி ஆடிப் படுக்கை நிலையில் நின்றது. தள்ளும் பக்கத்தை மாற்றினோம், அதேதான். வாலை உருட்டிப் பார்த்தால் சுற்றிலும் செம்பு. சரி, இரண்டு வாலையும் முழுக்க உரித்துவிடு என்றேன். நெயில் பாலிஷ் எதிர் டீக்கடையை ஒட்டிய பேன்சி ஸ்டோரில் வாங்கி வந்தாள். சுருளை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி ஒரு வாலில் மேல் பாதியில் பூச வைத்தேன். பெரியவரிடம் மோட்டார் கணக்கைப் பேசி முடிப்பதற்குள் காய்ந்திருந்தது. மாட்டினாள். முதல் தள்ளலில் சுற்றவில்லை. எதிர்ப்பக்கம் தள்ளியதும் பிடித்துக்கொண்டது. பெரியவர் மோட்டாரை விட்டுவிட்டு இதைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கடைசி விஷயம் கோளாறு அல்ல. இந்த மோட்டார் தானாகத் தொடங்காது, விரலால் ஒரு சுண்டு வேண்டும். ஒரு திசையில்தான் சுற்றும். எந்தத் திசை என்பது காந்தத்தின் எந்த முகம் மேலே இருக்கிறது, பேட்டரி எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. காந்தத்தைப் புரட்டிப் போட்டால் திசை மாறும். பிள்ளைகளுக்கு மோட்டார் சுற்றுவதைவிட இது பிடிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு வாலையும் முழுக்கச் சுரண்டியும் சில சுருள்கள் சுற்றிவிடும். சுருள் துள்ளும்போது வால் ஊக்கிலிருந்து எகிறி, தொடர்பு தானாக விட்டு விட்டு வருவதால் நடப்பது. “என் பிரெண்டு முழுசாச் சுரண்டினான், அவனுக்குச் சுத்துச்சே” என்று பிள்ளை அழுதால் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பிச் செய்ய முடியாது.

அறிகுறி 4: நாலைந்து சுற்று சுற்றி நின்றுவிடுகிறது

பாதிச் சுரண்டல் சரி, மின்சாரமும் பாய்கிறது, ஆனால் தள்ளின வேகம் தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. தள்ளுவிசை குறைவு அல்லது சுருள் சமமாக இல்லை, இரண்டில் ஒன்று.

சமத்தைப் பார்க்கக் காந்தத்தை எடுத்துவிட்டுப் பேட்டரி முனைக்கும் ஒரு ஊக்குக்கும் இடையில் காகிதம் சொருகுங்கள். இப்போது சுருளைச் சும்மா சுற்றிவிடுங்கள். நாலைந்து தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வேறு வேறு இடத்தில் நின்றால் சமம். எப்போதும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். வால் வளையத்தின் நடுக்கோட்டில் கிளம்பாமல் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பியிருக்கும். வாலை விரலால் வளைத்து நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும், கம்பியை வெட்டுவது, கூட்டுவது எதுவும் தேவையில்லை.

சமம் சரியென்றால் காந்தம். சுருளின் அடி காந்தத்தை உரசாமல், அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடைவெளி கூடக்கூடத் தள்ளுவிசை மளமளவென்று குறையும். ஊக்கை டியூப் பட்டைக்குள் கொஞ்சம் கீழே இறக்கினாலே பல மோட்டார்கள் ஓட ஆரம்பித்துவிடும். இறக்க முடியாவிட்டால் காந்தத்துக்கு அடியில் அட்டை வைத்து உயர்த்தலாம்.

பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தில் நடுவில் ஓட்டை இருக்கும். பிள்ளைகள் சரியாக ஓட்டைக்கு மேலே சுருளை நிறுத்துகிறார்கள், பார்க்க அழகாக இருப்பதால். ஓட்டைக்கு மேலே விசை மிகக் குறைவு. காந்தத்தை நகர்த்தி, அதன் திடமான பகுதி சுருளுக்கு நேர் கீழே வரும்படி செய்யுங்கள். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் வளையக்கூடிய ரப்பர் காந்தம் இதற்கு ஆகாது. ஒட்டினால் பிடிக்கும், கொஞ்சம் தள்ளி வைத்தால் அதற்கு வலுவே கிடையாது.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால்தான் சின்னதாக, வெள்ளியாக மின்னும் நியோடிமியம் காந்தம் வாங்குவதை யோசிக்க வேண்டும். அது கிடைத்தால் மோட்டார் பறக்கும். ஆனால் வீட்டில் எதையும் வாயில் போடும் குழந்தை இருந்தால் வாங்காதீர்கள். இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளுக்கு இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று இழுத்துக் குடலை ஓட்டையாக்கிவிடும். ஒன்றே ஒன்று காணோம், விழுங்கினதாகச் சந்தேகம் என்றால்கூட, வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இந்தப் பரிசோதனையில் யோசிக்காமல் ஆளைத் தேடி ஓட வேண்டிய இடம் இது.

அறிகுறி 5: சுற்றுகிறது, ஆனால் குதித்து வெளியே விழுகிறது

இது நல்ல சகுனம். விசை நிறைய இருக்கிறது. இரண்டு வாலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. சுருளை மேசை ஓரத்தில் வைத்து ஒரு கண்ணை மூடி வால் வழியாகப் பார்த்தால் வளைவு தெரியும். வாலை ஒரு ஸ்கேலுக்கும் மேசைக்கும் நடுவில் வைத்து உருட்டினால் நேராகிவிடும். பாதி சுரண்டிய வாலை உருட்டும்போது அது முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முறுக்கினால் செம்புப் பக்கம் திசை மாறி மறுபடி அறிகுறி மூன்றுக்குத் திரும்பிவிடுவோம்.

ஊக்குகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லாமல் இருந்தாலும் சுருள் தாழ்ந்த பக்கம் வழுக்கிக்கொண்டே போய் விழும். கண்ணால் பார்த்தே சரி செய்துவிடலாம்.

அறிகுறி 6: நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை

சுற்றும்போது வாலுக்கும் ஊக்குக்கும் நடுவில் குட்டிக் குட்டித் தீப்பொறி வரும். இருட்டில் பார்த்தால் தெரியும். அந்தப் பொறி, தொடும் இடத்தைக் கறுப்பாக்கிவிடும். உப்புத்தாளால் லேசாக ஒரே ஒரு தேய். அதிகம் தேய்த்தால் இனாமல் பாதியும் போய்விடும்.

கறுப்பு எடுத்தும் வரவில்லை என்றால் பேட்டரி. தொடர்ந்து ஓட்டிக் காட்டியிருந்தால் ஒரே மாலையில் தீர்ந்துபோகும், ஆச்சரியப்பட வேண்டியதில்லை. பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் கையில் மாற்றுப் பேட்டரி இரண்டு வைத்துக்கொண்டு, யாராவது பார்க்க வந்தால் மட்டும் சுருளை மாட்டினால் நாள் முழுக்கத் தாங்கும். பேட்டரியும் புதிது என்றால் வாலைப் பாருங்கள். வளைத்து வளைத்து நிமிர்த்திய கம்பி வளையத்தின் பக்கத்தில் விரிசல் விட்டிருக்கும், சில சமயம் இனாமலுக்குள்ளேயே ஒடிந்திருக்கும், வெளியே தெரியாது. நேரடிச் சோதனையில் துள்ளாமல் போனால் அதுதான்.

ஒடிந்ததை முறுக்கி ஒட்ட வேண்டாம், புதிதாகச் சுற்றிவிடுங்கள். பக்கத்து வைண்டிங் கடையில் “24 கேஜ், செம்பு, இனாமல் கம்பி, ஒரு மீட்டர்” என்று கேளுங்கள். மோட்டார் கம்பி என்று மட்டும் சொன்னால் போர் மோட்டார் கம்பி வந்துவிடும், விசிறிக் கம்பி என்றால் தலைமுடி மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள், அது ஊக்கில் நிற்கவே நிற்காது. 24 இல்லையென்றால் 22 அல்லது 26 போதும். கடைக்காரர் கையில் வேலை இல்லாத நேரமாகப் பார்த்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போனால், வெட்டு மிச்சத்திலிருந்து ஒரு துண்டு சும்மாவே கிடைக்கும்.